வண்டி மார்க் மாறாது

கொச்சியிலிருந்து மெமோ வந்த அன்று சாரப்பாறையில் காலை முதல் மழை. ஆபீஸ் ஓட்டுக்கூரையின் இரைச்சலில், மேனேஜர் தம் அறையிலிருந்து கூப்பிட்டது ராமபத்ரனுக்கு இரண்டாம் தடவைதான் கேட்டது.

"இதைத் தமிழில் எழுதி, பாக்கிங் கொட்டகையில் வாசித்துவிடும். நாலு மாதமாக ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள்" என்று மேனேஜர் இரண்டு தாள்களை நீட்டினார்.

நாலு மாதம் என்றது 1957 ஜனவரியிலிருந்து. அந்த மாதம்தான் சாரப்பாறைத் தேயிலைக் கம்பெனியைக் கொச்சியிலுள்ள ஒரு பெரிய குழுமம் விலைக்கு வாங்கியது. கம்பம்மெட்டுப் பாதையிலிருந்து ஆறு மைல் உள்ளே இருக்கும் சின்னக் கம்பெனி. ஆனால் கம்பம், போடி, உசிலம்பட்டிக் கடைகளில் அதன் தேயிலைத் தூள் பெயர் பெற்றது. மஞ்சள் லேபிளில் ஒரு கூண்டு வண்டிப் படம். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் "வண்டி மார்க் குடு" என்று கேட்டு வாங்கினார்கள். கம்பெனி கைமாறியதும், வண்டியை அழித்துவிட்டுக் கொச்சிக்காரர்களின் முத்திரையைப் போடுவார்கள் என்றும், அத்தோடு கொட்டகைக்குப் பூட்டு என்றும் பேச்சு கிளம்பியது.

ராமபத்ரனுக்கும் அந்தப் பயம் இருந்தது. பாலக்காட்டுக் கல்பாத்தியிலிருந்து வந்து இருபத்தாறு வருஷமாக இங்கே ஹெட்கிளார்க். மாதந்தோறும் கடைக்காரர்களுக்குப் போகும் அச்சுக் கடிதத்தை எழுதுகிறவர் அவர்தான். 'இம்மாதம் மழை மிகுதியால் இலை சற்று இளசாக உள்ளது. ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்ளவும். எங்களுக்கு இதில் லாபமுண்டு என்று நினைக்க வேண்டாம்' என்று எழுதுவார். அதில் அவர் பெயர் இருக்காது. 'தங்கள் ஊழியர்கள், வண்டி மார்க்' என்றுதான் முடியும். கடைக்காரர்கள் அதைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டி வைப்பதாக விற்பனைக்குப் போகிறவர்கள் வந்து சொல்வார்கள்.

மேஜையில் உட்கார்ந்து மெமோவைப் படித்தார். இரண்டாவது பத்தியிலேயே முகம் மலர்ந்தது.

குழுமத்தின் முத்திரை சாரப்பாறைப் பாக்கெட்டில் இடம்பெறாது என்று சொல்லி, அதற்குக் காரணங்களும் கொடுத்திருந்தார்கள். வண்டிப் படம் பம்பாயில் சாரப்பாறைக் கம்பெனியின் பெயரில் பதிவானது. முப்பது வருஷம் புழங்கிச் சம்பாதித்த நம்பிக்கை அதற்கு உண்டு, கொச்சிப் பெயருக்கு அந்தப் பக்கத்துச் சந்தைகளில் அது இல்லை. குழுமம் ஏற்கெனவே பட்டணங்களில் வேறொரு பாக்கெட் விற்கிறது. இரண்டுக்கும் ஒரே முகம் கொடுத்தால் ஒன்றின் வாடிக்கையை மற்றது தின்னும், ஒன்றுக்கு வரும் கெட்ட பெயர் மற்றதற்கும் ஒட்டும். கடிதங்களும் விளம்பரங்களும் சாரப்பாறையின் பெயரிலேயே, இதுவரை வந்த தமிழிலேயே, அதே தோரணையிலேயே போக வேண்டும். கடைக்காரர்கள் அந்தக் குரலை அடையாளம் கண்டிருக்கிறார்கள். வரவு செலவும் வங்கி விவகாரமும் கொச்சிக்கு. முகமும் குரலும் சாரப்பாறைக்கு.

கடைசி வரி: 'பணியிடம், பணியாளர் தொடர்பானவை இச்சுற்றறிக்கையில் அடங்கா, தனியே தெரிவிக்கப்படும்.'

இருபத்தாறு வருஷத்தில் அவர் பார்த்த எல்லாச் சுற்றறிக்கைகளும் இப்படி ஏதாவது ஒரு வாலோடுதான் முடிந்தன. கண் அதன்மேல் ஓடி நகர்ந்துவிட்டது. தமிழில் எழுதும்போது அதை விட்டுவிட்டார். மறைக்க நினைத்து விட்டதல்ல. உறையின் மேலுள்ள தபால் முத்திரையை யாரும் வாசித்துக் காட்டுவதில்லையே, அப்படி.

மூன்று மணிக்குக் கொட்டகையில் நாற்பது பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். தூள் மணம் மூக்கை அடைத்தது. ராமபத்ரன் பலகைமேல் ஏறி வாசித்தார். "வண்டி மார்க் மாறாது" என்ற இடத்தில் கங்காணி வீரபாண்டி, "அப்ப மாட்டுக்குப் புல்லுப் போடலாமாய்யா?" என்று கேட்டான். கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது.

"நல்லாப் போடு. வண்டி எங்கயும் போகாதாக்கும்" என்றார் ராமபத்ரன்.

கூட்டம் கலைந்த பின் முத்துப்பேச்சி மட்டும் அவர் பின்னாலேயே வாசல்வரை வந்தாள். லேபிள் ஒட்டுகிறவள். ஐந்து வருஷத்துக்கு முன் கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்ததில் வலது முழங்கால் மடங்காமல் போயிற்று. மலை ஏற முடியாது. உட்கார்ந்து செய்யும் வேலை என்று கொட்டகைக்கு மாற்றியிருந்தார்கள். புருஷன் இல்லை. வேலை இருக்கும்வரை தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அவளுக்கு ஓர் அறை.

"ஐயா, ஒரு யோசன கேக்கணும். பக்கத்து எஸ்டேட்டுல பிள்ளைகளப் பாத்துக்கிட ஆயா வேணுமாம். எங்க மதினி சொல்லி வச்சிருக்கா. உக்காந்த சோலி. லயத்துல ரூமும் உண்டுங்காக. சனிக்கிழமைக்குள்ள வாரேன், வரலன்னு சொல்லணும். போகவா, இருக்கவா?"

"இங்க உனக்கு என்ன குறை?"

"குறையில்ல. கொட்டகைய மூடிட்டாகன்னா நான் எங்கிட்டுப் போவேன்? இந்தக் கால வச்சுக்கிட்டு?"

"இப்பத்தானே வாசிச்சேன், காதுல விழலையா? மார்க் இங்க, கடுதாசி இங்க. பின்னே கொட்டகை மட்டும் தனியா நடந்து போயிடுமா? நீ போகண்டாம் முத்துப்பேச்சி. தைரியமா இரு."

"காகிதத்துல அப்படித்தான் போட்டுருக்காகளா ஐயா?"

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றார்.

அவள் சேலைத் தலைப்பால் கையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க சொன்னாச் சரி. மதினிகிட்ட வரலன்னு சொல்லிருதேன்."

ஆகஸ்டில் அடுத்த தாள் வந்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே, ரயில் பாதையை ஒட்டிக் குழுமம் ஒரு பெரிய பாக்கிங் பாக்டரி கட்டியிருந்தது. அதன் எல்லாத் தோட்டங்களின் தூளும் பெட்டி பெட்டியாக அங்கே வந்து, கலந்து, மெஷினில் பாக்கெட்டாகி ரயிலேறும். வண்டி மார்க்கும் அக்டோபர் முதல் அங்கேயே பாக்கெட் ஆகும். சாரப்பாறைக் கொட்டகை மூடப்படும். மலையேறக் கூடியவர்களுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. மற்றவர்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியதைக் கொடுத்து அனுப்புவது. ஹெட்கிளார்க் பாலக்காட்டுக்கு மாற்றப்படுகிறார், கடைக்காரர்களுக்கான கடிதத்தை அவர் தொடர்ந்து எழுத வேண்டும் என்பதால்.

ராமபத்ரன் அலமாரியிலிருந்து மே மாத மெமோவை எடுத்து வரி வரியாகப் படித்தார். ஒரு சொல்லும் பொய்யில்லை. முகம் மாறவில்லை. குரல் மாறவில்லை. முகத்தையும் குரலையும் எதற்காக வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அதைச் செய்கிற கைகளைப் பற்றி எழுதவே இல்லை. கடைசி வரியில் விரலை வைத்து மறுபடி படித்தார்.

வீட்டில் அபயாம்பாளுக்கு விஷயம் தெரிந்ததும் ஸ்வாமி படத்துக்கு விளக்கேற்றினாள். "இருபத்தாறு வருஷம் இந்தக் குளிர்ல வெறச்சாச்சு. கடைசியில பகவான் கண்ணத் தொறந்துட்டார்" என்றாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்து, "ஏன்னா, உங்களுக்குச் சந்தோஷமில்லையா?" என்று கேட்டாள். அவர் வேஷ்டியை உதறிக் கொடியில் போட்டார்.

மறுநாள் மேனேஜரிடம் போனார். கொட்டகை மூடும் அறிவிப்பையாவது குழுமத்தின் பெயரில், குழுமத்தின் தாளில் போடலாமே என்று கேட்டார்.

"கூடாது. மெமோவில் இருக்கிறதே. இங்கிருந்து போகும் எழுத்தெல்லாம் சாரப்பாறை பெயரில்தான்" என்றார் மேனேஜர். அவரும் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

முத்துப்பேச்சியைப் பற்றிப் பக்கத்து எஸ்டேட்டுக்கு எழுதினார். ஆயா வேலைக்கு ஜூனிலேயே ஆள் வைத்தாயிற்று என்று பதில் வந்தது. அவளுக்குப் பாலக்காட்டு பாக்டரியில் லேபிள் ஒட்டும் இடம் ஒன்று தரும்படி கொச்சிக்கு எழுதினார். லேபிளை மெஷின் ஒட்டுகிறது என்று ஒரு வரி வந்தது.

அறிவிப்பை அவர்தான் எழுதினார், அவர்தான் வாசித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. வாசித்து முடித்ததும் இறங்கிப் போகாமல் பலகைமேலேயே நின்றார்.

"ஒண்ணு சொல்லணும். மே மாசம் வந்த மெமோவில கொட்டகையப் பத்தி ஒண்ணுமே இல்லை. அது தனியாத் தெரிவிப்போம்னு ஒரு வரி இருந்தது. நான் அத வாசிக்கலை. கொட்டகை இருக்கும்னு சொன்னது காகிதமில்லை, நானாக்கும்."

"இப்பச் சொல்லி என்னய்யா?" என்றான் வீரபாண்டி. "வண்டியில ஏறப் போறவரு நீங்க. மாட்ட அவுத்துவிட்டாச்சு."

முத்துப்பேச்சி பலகைக்கு அருகே வந்து அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்யா அப்படிச் சொன்னீக? நான் காகிதத்துல உண்டுமான்னு கேட்டேம்லா?"

"கேட்டே. எனக்கு வேலை போகலைங்கற சந்தோஷத்துல, யாருக்கும் போகாதுன்னு நினைச்சுட்டேன்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் கடைசி வாரம் லயத்து அறையைக் காலி செய்ய வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு, அவள் ஒரு தபால் கார்டோடு ஆபீசுக்கு வந்தாள். சங்கரன்கோவில் பக்கம் தம்பி வீட்டுக்குப் போகிறாள். வருவதாக அவனுக்கு எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் லயத்திலும் இருந்தார்கள். அவள் இவரிடம் வந்தது ஏன் என்று அவர் கேட்கவில்லை. பெஞ்சைக் காட்டினார். காலை நீட்டி உட்கார்ந்து அவள் சொல்ல, அவர் எழுதினார். முடிந்ததும், "வாசிங்க" என்றாள்.

"'சுடலைக்கு அக்காள் முத்துப்பேச்சி எழுதிக்கொண்டது. இவ்விடம் நலம். அவ்விடம் உன் நலமும் குழந்தைகள் நலமும்...'"

"நில்லுங்கய்யா. இவ்விடம் நலம்னு நான் சொன்னனா?"

ராமபத்ரன் பேனாவை வைத்தார். "கார்டுன்னா அப்படித்தான் தொடங்கறது. வழக்கம்."

"நான் சொல்லலியே."

மேஜை இழுப்பறையைத் திறந்து தம்முடைய கார்டு ஒன்றை எடுத்தார். "சொல்லு" என்றார். அவள் முதலிலிருந்து சொன்னாள். வார்த்தை வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள். அவர் அந்த வார்த்தைகளை மட்டும் எழுதினார். 'சுடலைக்கு அக்காள் முத்துப்பேச்சி. எனக்கு வேலை போய்விட்டது. கால் பழையபடிதான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வருகிறேன். உன் பெஞ்சாதி சங்கடப்பட்டால் இப்போதே எழுது. வேறு போக இடம் தெரியவில்லை.'

திரும்ப வாசித்துக் காட்டினார். கார்டில் பாதிக்குமேல் வெற்றிடம் கிடந்தது.

"இன்னும் ஏதாவது?"

"அம்புட்டுத்தான்" என்று கார்டை வாங்கிக்கொண்டு, பெஞ்சின் விளிம்பைப் பிடித்து அவள் எழுந்தாள்.