காவேரியின் பக்கம் திரும்பிய விமானங்கள்

பொம்மிடிக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்பில், வடக்குச் சுவரின் ஜன்னலடியில் யாரும் உட்காருவதில்லை. அது காவேரியின் இடம். ஐப்பசியில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். அவள் அம்மா சாலம்மாள் அந்தப் பள்ளியிலேயே சத்துணவு சமைப்பவள். சாயங்காலம் வகுப்புகளைப் பெருக்குவதும் அவள்தான்.

தை மாதத்தில் ராஜமேரி டீச்சர் காற்றுத்தடை பாடம் நடத்தினாள். காகித விமானம் செய்து பறக்கவிடச் சொன்னாள். கரும்பலகைப் பக்கமிருந்து பிள்ளைகள் வீசிய விமானங்கள் பாதி தூரம் போய், ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கம் சாய்ந்து ஜன்னலடியில் விழுந்தன.

அவற்றை எடுக்க ஒரு பிள்ளையும் போகவில்லை.

"அவதாங்க டீச்சர் கூப்புடறா," என்றாள் ஷகிலா. காவேரியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். "நாங்க வெளையாடறப்பவும் அங்கதான் போவும். எங்களுக்கு முன்னாடியே தெரியும்."

ராஜமேரிக்கும் முதுகு சிலிர்த்தது. காட்டிக்கொள்ளவில்லை. "இறக்கை ஓரம் ஒரு பக்கம் மேல வளைஞ்சிருந்தா அந்தப் பக்கம் காத்து தடுக்கும், விமானம் அங்க திரும்பும். பாக்கலாம். ஆனா ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும். ரெண்டை மாத்திட்டா எதனால ஆச்சுன்னு தெரியாது."

ஒரு விமானத்தை எடுத்து, இரண்டு இறக்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சரிபார்த்தாள். சவுரியப்பன் அதே இடத்திலிருந்து வீசினான். இடப்பக்கமே போனது.

"இப்ப அதே விமானம், வீசறதும் அதே ஆளு. இடத்த மட்டும் மாத்தலாம். எதிர்ச்சுவருக்குப் போய் இந்தப் பக்கம் பாத்து வுடு."

கோளாறு விமானத்தில் இருந்தால் அது மறுபடியும் தன் இடப்பக்கமே திரும்ப வேண்டும். இம்முறை அது தெற்குச் சுவர். ஆனால் விமானம் வலப்பக்கம் சாய்ந்து, அதே ஜன்னலடிக்கே வந்து விழுந்தது.

ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள். ராஜமேரி விமானத்தை எடுத்து இறக்கைகளை மறுபடி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். விமானத்தில் பிழையில்லை. அப்படியானால் இந்த அறையில்தான் ஏதோ இருக்கிறது.

பழைய வேட்டித் துணியில் இரண்டு சதுரம் வெட்டி, முனைகளில் நூல் கட்டிப் பாராசூட் செய்தாள். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. நூலின் நீளம் ஒன்றே, கட்டிய கல்லும் ஒன்றே. மேஜைமேல் ஏறி நின்று முதலில் சின்னதை விட்டாள். சட்டென்று இறங்கி மேஜையருகிலேயே விழுந்தது. பெரியது விரிந்து, மெல்ல மெல்ல இறங்கி, ஜன்னல் பக்கம் வெகுதூரம் நகர்ந்து தரை தொட்டது.

"பெருசை அதிகமா இழுக்கறா," என்றான் சவுரியப்பன்.

"பெருசு ஏன் மெதுவா வந்துச்சு?"

"காத்து அதிகமா தடுக்குதுங்க."

"மெதுவா வந்தா ரொம்ப நேரம் காத்துலயே இருக்கும். அதனாலதான் தூரமா போச்சு. அதத் தள்ளிக்கிட்டுப் போறது எது?"

மேஜைமேல் நின்றிருந்த ராஜமேரியின் பிடரியில் மெல்லிய குளிர் பட்டது. திரும்பினாள். தெற்குச் சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்ட துவாரம். எதிரே கதவில்லாத ஜன்னல். தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத காற்று அவர்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது.

மேஜையைச் சுவரோரம் இழுத்து ஏறித் துவாரத்தில் கோணிச்சாக்கைத் திணித்துவிட்டு, மேஜையைப் பழைய இடத்திலேயே போட்டாள். வேறெதையும் மாற்றவில்லை. பெரிய பாராசூட் நேராக மேஜையடியில் இறங்கியது. விமானம் நேராகப் போய் எதிர்ச்சுவரில் முட்டியது.

பிள்ளைகள் கத்திக்கொண்டு குதித்தார்கள். ஷகிலா அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு அவளே போய்க் காவேரியின் இடத்தில் உட்கார்ந்தாள்.

வாசற்படியில் கரண்டியோடு சாலம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

மணி அடித்துப் பிள்ளைகள் போனபின் உள்ளே வந்தாள்.

"அப்ப அவ இல்லீங்களா டீச்சர்?"

"காத்துங்க, சாலம்மா."

"புள்ளைங்க பேசிக்கிட்டதக் கேட்டதுலேர்ந்து தெனமும் பெருக்கறப்ப ஒண்ணு வுடுவேங்க. குப்பையில கெடக்குமில்ல. நேரா போய் அவ எடத்துல நிக்கும். 'வந்துட்டியா சாமி'ன்னு கேட்டுட்டு வூட்டுக்குப் போவேன்."

ராஜமேரி மேஜையை இழுத்துப் போட்டு ஏறி, சாக்கைப் பிடுங்கினாள். "பசங்க இருக்கறப்ப மட்டும் அடச்சிக்கறேன். சாயந்திரம் தொறந்து வெக்கறேன். நீங்க வுடுங்க."

சாலம்மாள் தரையில் கிடந்த விமானத்தை எடுத்தாள். இறக்கையை விரலால் நீவினாள். வீசினாள். அது பாதி தூரம் போய், மெல்லச் சாய்ந்து, ஜன்னலடியில் போய் நின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'வந்துட்டியா' என்று கேட்கவில்லை.

"எனக்குத்தான் தெரிஞ்சிபோச்சுங்களே டீச்சர்," என்றாள். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாள்.