ஆரஞ்சு விளிம்பு

2025 மே மாதம் பதிமூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகலில், திருத்தங்கலில் உள்ள ஓர் அச்சகத்தின் டிசைன் அறையில், பட்டாசு ஆலையொன்றின் ஒளிப்படத்திலிருந்து நான்கு பெண்களை அழிக்கும் வேலை தொடங்கியது.

படத்தைக் கொண்டுவந்தவர் அந்த ஆலையின் மேனேஜர் ராஜபாண்டியன். தாயில்பட்டிப் பக்கம் இருக்கும் ஆலை அது. முதலாளியின் மகன் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி எடுத்து, கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டுவிட்டான். வரிசையாக அறைகள், மேலே நல்ல மேகம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். மரத்தடியில் நான்கு பெண்கள் பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள். அறைக்கு வெளியே மருந்தைத் தொடவே கூடாது என்பது சட்டம். யாரோ அந்தப் படத்தை ஆய்வு அதிகாரிக்கு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வருகிறேன், அசல் படத்தை எடுத்து வையுங்கள் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

"இந்த நாலு பேரையும் தூக்கிரு தங்கச்சி. மரம் மட்டும் நிக்கட்டும்" என்று கணினி முன் இருந்த சுகிர்தாவிடம் சொன்னார் ராஜபாண்டியன். "இதுதான் அசல், சுத்துல விட்டது எவனோ ஒட்டுப்போட்டதுன்னு சொல்லிக்கிறோம்."

சுகிர்தா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அவள் அந்த அறையில் ஐந்து வருடமாகக் காலண்டர் படங்களைத் திருத்துகிறவள். சாமி படத்தின் பின்னால் நிற்கும் மின்கம்பத்தை அழிப்பது வேறு, இது வேறு. அறைக்குப் பொறுப்பாளரான ஃபரீதைப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். ஆலையின் லேபிள் ஆர்டர் மொத்தமும் இந்த அச்சகத்தில்தான்.

முதல் பெண்ணைச் சுற்றிக் கோடு போட்டுத் தானியங்கிக் கருவியை ஓட்டினாள். பெண் மறைந்தாள். இருந்த இடத்தில் ஆள் வடிவத்தில் மெல்லிய கோடும், ஈரத்துணியால் துடைத்தது போன்ற மங்கலும் நின்றன.

"என்னம்மா, பேய் உக்காந்திருக்க மாதிரி இருக்கு?" என்றார் ராஜபாண்டியன்.

"அது அப்படித்தான் அண்ணாச்சி. சேலை முடியுற எடத்துல பாதிச் சேலை நெறமும் பாதி மண்ணு நெறமும் கலந்து கெடக்கும். நாம ஒட்டிக் கோடு போட்டா அந்தக் கலப்பு வெளிய தங்கிரும். கருவி அதையும் மண்ணுன்னு நெனச்சு எடுத்து உள்ள இழுவிரும்."

திரும்பவும் ஆரம்பித்தாள். இம்முறை கோட்டைச் சில புள்ளிகள் வெளியே தள்ளி, அதன் ஓரத்தை லேசாக மென்மையாக்கி, தரையில் விழுந்த நிழலையும் சேர்த்து வளைத்தாள். மேலே ஒரு காலி அடுக்கை வைத்து, அதே வெயில் விழும் பக்கத்து மண்ணிலிருந்து கையால் நகல் எடுத்து அப்பினாள். ஒரே கல் இரண்டு தடவை வராதபடி எடுக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தாள். நீலச் சுவரும் தரையும் சந்திக்கும் கோட்டை முதலில் நேராக இழுத்தாள். அங்கே நிறத்தைத் தானாகக் கலந்துவிடும் தூரிகையைத் தொடவில்லை, தொட்டால் நீலம் மண்ணில் வழிந்துவிடும். கடைசியில், கேமரா மண்ணில் விட்டிருந்த பொடிப்பொடிக் குருணையை அப்பிய இடத்திலும் தூவினாள். வழுவழுப்பு போயிற்று. அங்கே யாரும் உட்கார்ந்ததே இல்லை.

போன் வந்ததால் ராஜபாண்டியன் அப்போது வெளியே போயிருந்தார். ஃபரீத் எட்டிப் பார்த்து, "அடேங்கப்பா, ஆளையே விழுங்கிட்டியே" என்றார்.

இரண்டாவது பெண்ணுக்கும் முதலில் கருவியையே ஓட்டினாள். மண்ணில் ஒரு ஆரஞ்சு இழுவல் விழுந்தது. எதன் நிறம் என்று தெரிந்துகொள்ள, திருத்திய அடுக்கை மறைத்து அசலைப் பெரிதாக்கினாள்.

நீலக் கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை. கை நுனியில் ஆரஞ்சுத் துணி. சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளட்டும் என்று, நைந்த மணிக்கட்டுப் பட்டியில் சுகிர்தாவே ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்த சட்டை. குனிந்த தலையில் துண்டு. விரல்களெல்லாம் வெள்ளிப் பொடி.

முருகேஸ்வரி. அவளுடைய அக்கா. பெட்டி ஒட்டும் பகுதியில் இருக்கிறேன், மருந்துப் பக்கமே போகிறதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

போனை எடுத்து அழுத்தினாள். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். இன்னொரு தடவை அழுத்தினாள்.

வெளியே தொம்மென்று ஒரு சத்தம். மூன்று பேருடைய தலையும் ஒரே நேரத்தில் ஆலைகள் இருக்கும் தெற்கே திரும்பியது. சத்தம் கேட்டால் புகை எந்தத் திசை என்று பார்ப்பது இந்த வட்டாரத்துப் பழக்கம். லாரிக்காரர் பின்கதவை இறக்கியிருந்தார். ராஜபாண்டியன் வாசலில் நின்றபடியே வியர்வையைத் துடைத்தார். சுகிர்தா அவரிடம் கேட்டாள்.

"அண்ணாச்சி, மரத்தடியில இப்பவும் ஆளு உக்காந்திருக்காகளா?"

"பின்ன? லோடு நாளைக்கு ஏறணும்ல. ஆபீசர் வர்ற நேரத்துக்கு எந்திரிக்கச் சொல்லிருக்கு. அவரு போனதும் உக்காந்துக்கிருவாக." மறுபடி போன் அடிக்க, வெளியே நடந்தார்.

 இந்த வெயிலில் ஒரு சட்டி உரசினால் போதும். நான்கு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். படம் சுத்தமாக இருந்தால் அந்த மரத்தடி வேலை நடந்ததாகவே ஆகாது. நாளைக்கும் அக்கா அங்கேதான் உட்காருவாள்.

"ஃபரீதண்ணே, ரெண்டாவதா இருக்கது எங்கக்கா."

ஃபரீத் திரையையும் அவளையும் பார்த்தார். 

அவள் கையால் செய்த அடுக்கை அழித்தாள். நான்கு பேருக்கும் ஒட்டிக் கோடு போட்டுக் கருவியையே ஓட்டினாள். ராஜபாண்டியன் திரும்பி வந்தபோது படத்தைப் பெரிதாக்கி, வெளிச்ச வேறுபாட்டையும் கூட்டி வைத்திருந்தாள். மரத்தடியில் நான்கு ஒளிவட்டங்கள், பெண் இல்லாத நான்கு நிழல்கள், ஒரு ஆரஞ்சு இழுவல்.

"இதுக்கு மேல வராது அண்ணாச்சி." குரல் நடுங்கியது. மறைக்க முயலவில்லை.

"போன வருசக் காலண்டர்ல ஒரு காரையே காணாம அடிச்சியே?"

"அது ரோடு, ஒரே நெறம். இங்க மண்ணு, சுவரு, நெழலு. ஆபீசர்கிட்ட இருக்க படத்தையும் இதையும் பக்கத்துல வச்சுப் பெருசாக்கினா, எது ஒட்டுன்னு சின்னப்புள்ளைக்கும் தெரியும். மரத்தடி வேலைக்கு ஒரு கேசு. படத்தை மாத்துனதுக்கு இன்னொண்ணு. மொத விசாரணை உங்ககிட்ட, ரெண்டாவது எங்கிட்ட."

ராஜபாண்டியன் ஃபரீதிடம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. புள்ளை பயத்துல உளறுதா?"

சுகிர்தா விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பெண்ணை அவள் சுத்தமாக அழித்திருந்ததை ஃபரீத் பார்த்திருந்தார். லேபிள் ஆர்டர் போனால் அவருடைய வேலையும் போகும்.

"பயம் நெசந்தான்" என்றார் ஃபரீத். "எனக்கும் இருக்கு. இது போகாது அண்ணாச்சி. எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் இப்படித்தான் பேயா நிக்கும்."

ராஜபாண்டியன் திரையருகே குனிந்து அந்த நான்கு நிழல்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். பிறகு அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டார்.

"படம் வேலைக்கு ஆகாது மொதலாளி... இல்ல, மாட்டிக்கிருவோம்... சரி, சரி." அடுத்ததாக ஆலை வாசலுக்கு. "ஏலே மாரிசாமி, மரத்தடியில இருக்க பொம்பளையாளுகள எந்திரிக்கச் சொல்லு. இப்பவே. மருந்தை அள்ளி உள்ள வை. மெதுவால்லே, மெதுவா. ஆளுகள வீட்டுக்கு அனுப்பு."

சுகிர்தா நாற்காலியை விட்டு எழவில்லை.  அக்கா ஏறும் பேருந்து எத்தனை மணிக்குத் தாயில்பட்டியிலிருந்து திரும்பும் என்று கணக்குப் போட்டபடி போனை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அது அடித்ததும் எடுத்தாள்.

"என்னடி, இத்தனை தடவை கூப்புட்டிருக்க?" என்றாள் முருகேஸ்வரி. "இன்னைக்குப் பாதி நாள்தான். எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல."

அதிகாரி சாயங்காலம் ஆலைக்கு வந்து அசல் படத்தை வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரமே உற்பத்தியை நிறுத்தச் சொல்லி ஆலைக்கு உத்தரவு வந்தது. அதன் லேபிள் ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போனது. முருகேஸ்வரி திருத்தங்கலில் ஒரு பெட்டி ஒட்டும் கம்பெனியில் குறைந்த கூலிக்குச் சேர்ந்தாள். ஆலையை மூடவைத்தது யார் என்று தெரிந்தபின், ஆடி வரைக்கும் தங்கையிடம் பேசவில்லை.