வாயு மூலை

கனகம்மாவுக்கு ஒரு கால் இல்லை. ஆனால் அந்த வீட்டின் எட்டுத் திசையும் அவள் கைக்குள்தான் இருந்தன.

வீடு என்று சொன்னால் பெரிதாக எதையும் நினைத்துவிடக் கூடாது. மன்னார் ரவுணில், இரும்புச் சாமான் கடை ஒன்றுக்கு மேலே இருந்த மாடி வீடு அது. நடுவில் ஒரு ஹோல். வடக்குப் பக்கம் கிழக்கு மூலையில் குசினி, குசினிக்குள்ளால் போனால் வடமேற்கில் ஒரு சின்ன அறை. தெற்குப் பக்கம் மேற்கு மூலையில் பெரிய அறை, அதை ஒட்டி கக்கூஸ், அதற்கும் அப்பால் தென்கிழக்கில் ஒரு பல்கனி. தம்பி சசிகரன் கல்யாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த முதல் கிழமையே, முருங்கனிலிருந்து சிவசுப்பிரமணியம் ஐயாவைக் கூப்பிட்டுவிட்டாள் கனகம்மா. நில அளவைக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர் அவர், வாஸ்து பார்ப்பது இப்போதைய தொழில். ஹோலின் நட்டநடுவில் நின்று, பித்தளைத் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்து, முள் அடங்கும் வரை மூச்சுவிடாமல் பார்த்தார்.

"ஈசானியத்தில நெருப்பு எரியிறது நல்லமில்லைப் பிள்ளை," என்றார். "அடுப்பு அக்கினி மூலைக்குப் போகவேணும். நிருதி மூலை, அந்தப் பெரிய அறை, வீட்டுக்கு மூத்தவைக்கு. பாரமான சாமானும் அங்கதான் இருக்கவேணும், நடு ஹோலில வைக்கக் கூடாது. வாயு மூலை, அந்தச் சின்ன அறை, வந்து போற ஆக்களுக்கு, கலியாணம் ஆகாத பொம்பிளைப் பிள்ளையளுக்கு. அங்க இருக்கிறது நிலைக்காது, வெளிக்கிட்டிடும். வாடகை வீடெண்டால் எல்லாத்தையும் இடிக்க ஏலாதுதானே, முடிஞ்சதைச் செய்யுங்கோ."

முடிந்ததைச் செய்யச் சொன்னதை மட்டும் கனகம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு மூத்தது நான், நிருதி எனக்கு என்று தன் தையல் மெசினோடு பெரிய அறைக்குள் குடிபுகுந்தாள். புதுப் பொம்பிளையும் மாப்பிள்ளையும் குசினிக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குள் போனார்கள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அந்தப் பெரிய அறை தேவைப்பட்டது. இரவில் பொய்க்காலைக் கழற்றி வைத்தபின், ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்து நாலு கெந்தலில் கக்கூசுக்குப் போய்விடலாம். அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் தம்பி மறுத்திருக்கவே மாட்டான். ஆனால் கால் இல்லை, உதவி செய் என்று யாரிடமும் கேட்பதைவிட, சாஸ்திரம் சொல்லுது என்று கட்டளை போடுவது அவளுக்குச் சுகமாக இருந்தது. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

அந்த வீம்புக்கும் ஒரு கதை உண்டு. பாப்பாமோட்டையிலிருந்து சண்டை நேரத்தில் இடம்பெயர்ந்து போன வழியில் செல் விழுந்து வெடித்துத் தகப்பனும் போய், அவளுடைய வலது காலும் முழங்காலுக்குக் கீழே போனபோது அவளுக்கு இருபத்தாறு வயது, சசிகரனுக்குப் பதின்மூன்று. தாய் அதற்கு முன்பே போய்விட்டாள். முகாமில் கிடந்து, பிறகு மெசின் மிதித்து, ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்தே அவனைப் படிக்கவைத்துக் கந்தோர் உத்தியோகம் வரைக்கும் கொண்டுவந்தவள். தனக்கென்று ஒருவனைத் தேடவும் இல்லை, தேடிக்கொடுக்க ஆளும் இல்லை. அதனால் அவள் சொல்வதற்கெல்லாம் அவன் தலையை ஆட்டினான். அந்த ஆட்டத்தை அவள் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

பாடு பட்டவள் சசிகரனின் மனைவி சிவராணிதான். காஸ் அடுப்பு அக்கினி மூலைப் பல்கனிக்குப் போனது, தண்ணீர்க் குழாயோ குசினியில் கிடந்தது. அரிசி கழுவ இங்கே, உலை வைக்க அங்கே. சோழகக் காற்று தொடங்கியதும் பல்கனியில் நெருப்பு நிற்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹோலைக் கடந்து கடந்து நடந்தாள். ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"மச்சாள், பிள்ளை பிறக்கும் மட்டும் அடுப்பை உள்ளுக்கு எடுப்பமே? காத்துக்கு மூண்டு தரம் அணைஞ்சு போச்சு."

"வசதி பாத்து வாழுறதெண்டால் சாஸ்திரம் எதுக்கு?" என்றாள் கனகம்மா, ஊசியில் நூல் கோர்த்தபடி. "என்ர அம்மா ஆறு பிள்ளை பெத்தவ. நாலு செத்துப் போச்சு. அப்பவும் கிழக்குப் பாத்துத்தான் சமைச்சவ."

அதோடு விட்டாளா? சின்ன அறையில் கட்டில் வடக்கே தலை வைக்கும்படி கிடக்கிறது என்று அதையும் திருப்பவைத்தாள். திருப்பியதும் கதவு பாதிதான் திறந்தது. பிள்ளைத்தாய்ச்சி பக்கவாட்டாக, வயிற்றைக் கையால் அணைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து வெளியே வந்தாள். கனகம்மா அதைப் பார்த்தாள். பார்த்தும் கட்டிலைத் திரும்ப நகர்த்தச் சொல்லவில்லை. இரக்கமில்லாதவள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது என்பதும் பொய்யில்லை.

பெண் குழந்தை பிறந்தது. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். குழந்தைக்கு மூன்று மாதமானபோது கனகம்மா யாழ்ப்பாணம் போனாள். கால் முனை மெலிந்து பழைய பொய்க்கால் கழன்று ஆடியதால், புதிது அளவெடுத்துப் போட நாலு நாள் அங்கேயே தங்கவேண்டியிருந்தது. திரும்பி வந்து படியேறிக் கதவைத் திறந்ததும், வீடு மாறிவிட்டது அவளுக்கு மூக்கிலேயே தெரிந்தது. தாளித்த வாசம் குசினிக்குள்ளிருந்து வந்தது.

அடுப்பு ஈசானியத்தில் எரிந்துகொண்டிருந்தது. பல்கனி முழுக்கப் பிள்ளையின் துணி காய்ந்தது. நிருதி அறையில் சசிகரனின் கட்டில், அதற்குப் பக்கத்தில் தொட்டில். தையல் மெசினைக் காணவில்லை.

"மெசின் எங்க?"

"சின்ன அறையில வச்சிருக்கு மச்சாள். உங்கட கட்டிலும் அங்கதான்," என்றாள் சிவராணி. குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கனகம்மாவுக்குச் சண்டை பிடிக்கவாவது ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"ஆர் சொன்னது?"

"ஐயாட்டக் கேட்டுத்தான் செய்தது. நிருதி மூலை குடும்பக்காரனுக்காம். பெண்சாதி பிள்ளையோட இருக்கிறவனுக்கு. நீங்கள் தனி ஆள்தானே."

"அப்ப ஈசானியத்தில நெருப்பு? அதையும் ஐயாவோ சொன்னவர்?"

சிவராணி கறியைக் கிளறினாள். "இல்லை. அது எனக்கு வசதி."

அவ்வளவுதான் சொன்னாள். கனகம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாஸ்திரம் உனக்கு, வசதி எனக்கு என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். இதே கணக்கைத்தானே ஒரு வருசமாக அவள் போட்டாள்!

சாயந்தரம் சசிகரன் வந்தான். அவனிடம் கனகம்மா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டாள். சாஸ்திரத்தை இழுக்காமல், மூத்தவள் என்று அதட்டாமல் கேட்டாள்.

"தம்பி, எனக்கு ஏலாது. இரவில காலைக் கழட்டினால் நான் குசினியும் ஹோலும் தாண்டிக் கெந்தோணும். குசினி நிலம் எந்த நேரமும் ஈரம். விழுந்தனெண்டால் மற்றக் காலும் போயிடும். எனக்குப் பெரிய அறை வேண்டாம். ஹோலில, கக்கூசுக்குப் பக்கத்தில ஒரு கட்டில் போட்டால் காணும்."

அவன் ஹோலைப் பார்த்தான். இடம் இருந்தது, யாருக்கும் தெரியும்படி இருந்தது. "நடு ஹோலில பாரம் வைக்கக் கூடாதெண்டு நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்," என்றான் தரையைப் பார்த்தபடி. "பாப்பம். ஒரு வழி செய்யிறன்."

அவன் கடைக்குப் போனதும் கனகம்மா சின்ன அறைக் கட்டிலில் இருந்துகொண்டு சிவசுப்பிரமணியம் ஐயாவுக்குப் போன் எடுத்தாள். சாஸ்திரத்தை அவர்தானே சொன்னார், அவரே விலக்கும் சொல்லட்டும். கால் இல்லாதவளுக்குத் திசை பார்க்கத் தேவையில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் தம்பி கேட்பான்.

"அதென்ன தங்கச்சி, இதுக்கு விலக்கு என்னத்துக்கு?" என்றார் ஐயா. "ஏலாத ஆளுக்கு ஏலுமான இடம்தான் வாஸ்து. கக்கூசுக்குப் பக்கத்தில படுங்கோ. நான் அண்டைக்கும் முடிஞ்சதைச் செய்யுங்கோ எண்டுதானே சொன்னனான்."

"அப்ப ஏன் ஐயா என்னை வாயு மூலைக்கு மாத்தச் சொன்னனீங்கள்?"

"நான் எங்க மாத்தச் சொன்னனான்? கேட்டதுக்குப் பதில் சொன்னன்."

"சிவராணி என்ன கேட்டவ?"

"சிவராணியோ? அந்தப் பிள்ளை என்னோட கதைக்கேல்லையே. தம்பிதான் எடுத்தவர். ஒராள் வீட்டைவிட்டுக் கெதியா வெளிக்கிடுறதுக்கு எந்த மூலை நல்லம் எண்டார். எனக்குச் சந்தோசம். என்ன, அக்காவுக்குக் கலியாணம் ஏதும் பொருந்தியிட்டோ எண்டன். இல்லை ஐயா, ஏலாத ஆக்களை வச்சுப் பாக்கிற இல்லத்தில பேர் பதிஞ்சு வச்சிருக்கு, அவவா மனம் வச்சுப் போகவேணும் எண்டார். உங்களுக்கும் சம்மதம் எண்டுதான் நான் நினைச்சன். தங்கச்சி? லைனில நிக்கிறியளோ?"

கனகம்மா போனை மடியில் வைத்தாள். குசினியில் சிவராணி குழந்தையோடு கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தாள். வந்த நேரத்திலிருந்து மனதுக்குள் சபித்தது அந்தப் பெட்டையைத்தான். அவள் கேட்டதெல்லாம் காற்றில் அணையாத ஒரு அடுப்பு. தன்னை வெளியே அனுப்ப மூலை அளந்தவன் தம்பிதான். பதின்மூன்று வயதில், ஆஸ்பத்திரி வாங்குப் பலகையின் கீழே படுத்துக்கொண்டு, அக்கா நீங்கள் செத்துப் போகாதேங்கோ என்று அழுதவன். கண்ணீர் வரும் என்று காத்திருந்தாள், அது வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு சசிகரன் வந்தான். கையில் மூடியோடு ஒரு புது வாளி, பச்சை நிறம், விலைத்துண்டு இன்னும் ஒட்டியபடி. குனிந்து, அதை அவளுடைய கட்டிலுக்குக் கீழே, கை எட்டுகிற இடமாகப் பார்த்து வைத்தான். நல்ல அக்கறையோடுதான் வைத்தான், இரண்டு தரம் நகர்த்தியும் பார்த்தான்.

"இதுக்குள்ள போங்கோ அக்கா. விடிய நான் ஊத்திவிடுறன்," என்றான். பிறகு நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கொஞ்ச நாளைக்குத்தானே."