இருபத்தேழு இருமல்

மருமகளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கர்வம். அவள் வெட்டி ஒட்டிய படத்தில் எங்கே வெட்டினாள் என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது. கல்லூரி விளம்பரம், மருத்துவமனைக் குறும்படம், யாரோ ஒரு முதலாளியின் பிறந்தநாள் வாழ்த்து என்று எட்டு வருடமாகக் கண்டவர்கள் பேச்சையெல்லாம் சீராக்கியவள், சொந்த மாமியார் விஷயத்தில் கோட்டை விட்டாள்.

மாமியார் முப்பத்தோரு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டால்தான் ஊரே பெட்டியைத் தூக்கும். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட மைக்கில் இருமியதில்லை என்பது அவருடைய பெருமை. தொண்டையில் கட்டி என்றார்கள். குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், அறிவிப்பு அறையில் அவரை உட்காரவைத்து, மருமகள் ஒரே கேமராவை முக்காலியில் நிறுத்தி ஐம்பது நிமிடம் பேசவைத்துப் படம் பிடித்தாள். பணி ஓய்வு விழாவில் போடுவதற்கு ஏழு நிமிடப் படம் வேண்டும்.

பேச்சு அருமை. இடையிடையே இருமல். அதை வெட்டி எடுத்தால் முகம் சடாரென்று ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும். தாவலை மறைக்க, கை, மைக், ஜன்னல் என்று நாலு காட்சிகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழக்கம். தொழிலில் அதற்குக் கட்அவே என்று பெயர். மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள், அன்றைக்குப் பேச்சைக் கேட்டுக்கொண்டே நின்றதில் ஒரு கட்அவேகூட எடுக்கவில்லை. நினைவு வந்தபோது அறுவை சிகிச்சை முடிந்து மாமியார் கையில் ஊசித் தழும்புகள். அறிவிப்பு அறையில் இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கணினியை வைத்திருந்தார்கள்.

"பழைய போட்டோ எதையாவது மேல போட்டு மறைச்சிரட்டுமா அத்தை?" என்று கேட்டாள்.

மாமியார் இப்போது சிலேட்டில்தான் பேசுகிறார். கழுத்துத் துளையை மூடிய துணியைச் சரிசெய்துகொண்டு எழுதினார்: "மூடினா, உள்ள என்னமோ இருக்குன்னு தெரிஞ்சிடும். நான் இருமினது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

அப்படியானால் ஒரே வழி, மார்ஃப் கட். வெட்டின இடத்தில் இந்தப் பக்கத்து முகத்தையும் அந்தப் பக்கத்து முகத்தையும் கணினி ஒப்பிட்டுப் பார்த்து, நடுவில் இல்லாத ஃபிரேம்களைத் தானே வரைந்து சேர்க்கும். கேமரா அசையாமல் இருக்க வேண்டும், ஒரே முகம் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் தலை ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாய் கொழகொழவென்று உருகும். முதல் இருமலில் அப்படித்தான் ஆயிற்று. தொண்டையைப் பிடித்த கை தாடையோடு கரைந்து, மாமியாருக்கு மூன்று விரல் தாடி முளைத்தது. மருமகள் சிரித்தாள், பிறகு அந்த ஒட்டை அழித்தாள்.

முழுவதையும் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருமியபின் மாமியார் விட்ட இடத்திலிருந்து தொடரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் வாயை மூடி, முதுகை நிமிர்த்தி, நேரே பார்த்து, ஒரு மூச்சு நின்று, வாக்கியத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லியிருந்தார். மைக் பொத்தானை அமுக்கி மணியோசை முடியும்வரை காத்திருந்த முப்பத்தோரு வருடப் பழக்கம். ஒவ்வொரு மூச்சிலும் தலை அதே இடம், உதடு அதே கோடு. கெட்டுப்போன வாக்கியத்துக்கு முந்தின மூச்சில் வெட்டி, நல்ல வாக்கியத்துக்கு முந்தின மூச்சோடு ஒட்டினால் போதும். ஒட்டுக்கு ஒரு நொடி நீளம் வைத்தால் முகம் மிதந்தது. ஏழு ஃபிரேமாகக் குறைத்ததும் கண் சிமிட்டுவது போலப் போய்விட்டது. ஒலியைத் தனியாக இழைத்து, இடைவெளியில் அந்த அறையின் மின்விசிறி இரைச்சலை அடியில் ஓடவிட்டாள். அட, நீங்களே பாதி வேலையை முடிச்சு வச்சிருக்கீங்களே அத்தை என்று திரையைப் பார்த்தே சொன்னாள். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். முகத்தில் ஒரு குறையும் இல்லை. மாமியார் முகத்தைப் பார்க்கவே இல்லை. சிலேட்டை எடுத்தார்: "பின்னால கடிகாரம். பத்து பன்னிரண்டு. அடுத்த வாக்கியம் பத்து இருபது. பார்க்கப் போறவங்க எல்லாம் ரயில்காரங்க."

மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மூலையில் தொங்கிய கடிகாரத்தின் முட்கள் ஒட்டின இடத்திலெல்லாம் மசமசவென்று நகர்ந்தன. நல்லவேளையாகப் பெரிய அளவில் படம் பிடித்திருந்தாள். ஓரத்தை நறுக்கினாலும் தெளிவு குறையாது. கடிகாரத்தை வெளியே தள்ளிவிட்டு, எல்லா ஒட்டுகளையும் மறுபடி கணினிக்குக் கொடுத்து அலசவிட்டாள்.

கடைசி வாக்கியம் மட்டும் மசியவில்லை. "இத்தனை வருடம் உங்களுக்கு வழி சொன்னேன், இனி நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்." மாமியார் அதை மூன்று தடவை முயன்றிருந்தார், மூன்றும் இருமலில் உடைந்தன. முதல் தடவை முன்பாதி நன்றாக இருந்தது, மூன்றாம் தடவை பின்பாதி. நடுவில் ஒரு சின்ன நிறுத்தம், வாய் மூடியிருந்தது. ஆனால் மூன்றாம் தடவைக்குள் களைப்பில் தலை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஒட்டினால் ஒரே பக்கத்தில் இரண்டு காது தெரிந்தது.

"அதை எடுத்திரலாமா?"

மாமியார் எழுதவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், கூடாது என்று. அது அவர் தன் குரலில் சொன்ன கடைசி வாக்கியம். மருமகள் மூன்றாம் துண்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஒரு பாகை திருப்பி, கண்ணுக்குக் கண் பொருத்தி, தனி வீடியோக் கோப்பாகச் சேமித்து, ஐந்து ஃபிரேம் மார்ஃப் போட்டாள். ஓடவிட்டாள். மறுபடி ஓடவிட்டாள். ஒட்டு எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை.

விழா நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில். பெஞ்சுகள் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள். படம் முடிந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. இருபது வருடம் அந்த மைக்கைப் பராமரித்த ஒலிப் பொறியாளர் எழுந்து, "பாத்தீங்களா? ஆபரேஷனுக்கு முந்தின நாளு, ஒரே மூச்சுல பேசியிருக்காங்க! ஒரு இருமல் உண்டா? இதுதாங்க அவங்க!" என்றார்.

மருமகள் கடைசி வரிசையில் மூச்சு விட்டாள். வேலை முடிந்தது, யாருக்கும் தெரியாது, தெரியவும் போவதில்லை. அத்தை கேட்டதும் அதுதானே.

மேடையில் மாமியார் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அழித்து, இன்னும் பெரிதாக எழுதினார். நிலைய மேலாளர் அதை வாங்கி மைக்கில் படித்தார். முதல் வரியிலேயே அவர் குரல் தடுமாறியது.

"இருபத்தேழு தடவை இருமினேன். ஒண்ணையாவது கண்டுபிடிங்க பாப்போம்."

கூடம் திகைத்தது. மேலாளர் தொடர்ந்து படித்தார்.

"முடியாது. வெட்டினது என் மருமக."

மாமியார் கையை நீட்டிக் கடைசி வரிசையைக் காட்டினார். அத்தனை தலைகளும் திரும்பின.