நூறு வயதுப் பெட்டி

பழைய ஹார்மோனியம் வைத்திருப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், அதைப் பழுதுபார்க்கிற என்னிடம் வாய் திறந்ததும் சொல்வது ஒரே பொய்தான்: "இது நூத்தம்பது வருஷத்துப் பெட்டி." அது பிறந்தபோது கூடவே இருந்து பார்த்ததுபோல் சொல்வார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே ப்ளஸ் தலை திருகாணி பல்லைக் காட்டும். அந்தத் திருகாணி புழக்கத்துக்கு வந்தே நூறு வருஷம் ஆகவில்லை. நான் மூடியை டப்பென்று மூடிவிடுவேன். மூடுகிற சத்தத்திலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

அன்று என் பட்டறைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அண்ணனும் தங்கையும். தங்கை பாட்டு டீச்சர். முப்பது வருஷமாக அந்தப் பெட்டியை வைத்துத்தான் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அண்ணன் புது வீடு கட்டியவர். கூடத்தில் விளக்கு வைத்த கண்ணாடி அலமாரி செய்து, நடுத்தட்டை இதற்காகவே காலியாக விட்டிருக்கிறாராம். பெட்டியின் மேல் கறுப்புப் பாலிஷை அப்பு அப்பென்று அப்பிக் கொண்டுவந்திருந்தார். அந்த நிமிடமே அவருக்கு மனதுக்குள் பாலிஷ்காரர் என்று பெயர் வைத்துவிட்டேன்.

"எங்க கொள்ளுத்தாத்தா வாசிச்சது. மூத்த பிள்ளைக்குத்தான் வரணும்," என்றார்.

"அப்பா எனக்காக வாங்கினது அண்ணா. நான் எட்டாவது படிக்கிறப்ப இது நம்ம வீட்டுக்கு வந்ததே எனக்கு ஞாபகம் இருக்கு."

"உனக்கென்ன ஞாபகம், நீ சின்னப் பொண்ணு."

அப்பா இல்லை, கேட்க ஆளில்லை. அதனால் பாலிஷ்காரர் ஒரு காகிதம் எழுதி, தங்கையிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார்: 'நூறு வருஷத்துக்கு மேற்பட்டதெல்லாம் அண்ணனுக்கு. பிறகு வந்ததெல்லாம் தங்கைக்கு. ரீடுக்காரர் சொல்வதே முடிவு.' ரீடுக்காரர் என்றால் நான்தான். கெட்டிக்காரத்தனமாக எழுதியதாக நினைப்பு. பெட்டி என்றால் ஒரே பொருள் என்று நினைக்கிறவன் எழுதிய காகிதம் அது.

முதலில் செதுக்கலைப் பார்த்தேன். முகப்புப் பலகையில் கொடியும் பூவும். இடதுபக்கப் பூவுக்கு ஆறு இதழ், வலதுபக்கம் ஏழு. குழியின் அடியில் உளி போன தடம் மேடும் பள்ளமுமாக இருந்தது. இயந்திரம் குடைந்தால் அடி மட்டமாக, உள்மூலை உருண்டு நிற்கும்; ஒரு பூவைப் போலவே இன்னொன்றும் இருக்கும். இது கை வேலை. திருகாணியெல்லாம் ஒற்றைக் கீறல். ஒன்றின் கீறல் நடுவில் இருந்தால் இன்னொன்றின் கீறல் ஓரத்தில் இருந்தது. கையால் அறுத்தவை.

"பெட்டி பழசுதான். நூறு தாண்டியிருக்கும்," என்றேன்.

பாலிஷ்காரர் தங்கையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பந்தயத்தில் ஜெயித்த குதிரையே அவர்தான் என்பதுபோல. தங்கை பெட்டியின் மேலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இருங்க, இன்னும் முடியல."

துருத்தியை விரித்தேன். ரப்பர் பூசிய துணி. மடிப்பு ஓரத்தைக் கத்தியால் நெம்பினால் வெள்ளைப் பசை தோல்போல் உரிந்து வந்தது. இந்தக் காலத்துப் பசை. அதற்கடியில் பழைய ஆட்டுத்தோலின் நார் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைப் பிடித்திருந்த பழுப்புப் பசையில் வெந்நீர்த் துணியை வைத்தேன், இளகிவிட்டது. அது வஜ்ஜிரம், பழைய ஆட்கள் தோலைக் காய்ச்சிச் செய்த பசை. "துருத்தி பிறகு மாத்தினது. நாற்பது வருஷம் சொல்லலாம். இது டீச்சருக்கு."

பிறகு, சத்தம் எழுப்பும் ரீடுகள் பதித்த பலகையைக் கழற்றினேன். இரண்டு வரிசைப் பித்தளைத் தகடு. மேல் வரிசையில் எழுத்தெல்லாம் அச்சடித்தாற்போல் ஒரே ஆழம், காற்றில் அதிரும் நாக்குக்கான வெட்டு நூல் பிடித்த நேர். ஒவ்வொரு தகட்டின் பக்கத்திலும் பழைய திருகாணி ஓட்டை, தீக்குச்சி அடைத்து மூடியது. பழசைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியதே இல்லை. அப்பா கொள்ளுத்தாத்தா பெட்டியைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். மகள் பாட. இரண்டு பேர் சொன்னதும் பாதி பாதி உண்மை.

கீழ் வரிசைக்கு வந்தபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். வெட்டின் உள்பக்கம் அரம் போட்ட கோடுகள். நாக்குகளின் அடியிலும் நுனியிலும் எத்தனையோ பேர் சுருதி சேர்க்கச் சுரண்டிய கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்று. ஒரு தகட்டைத் தூக்கினேன். அடியில் மரம் வெளுத்த நிறத்தில் சுத்தமாக இருந்தது, வேறு ஓட்டையே இல்லை. பெட்டியோடு பிறந்த ரீடு. கனத்த கீழ்ச் சுரங்களுக்கான அந்த மந்தர வரிசையில்தான் டீச்சர் பாடுவாள். அவள் குரலைக் கேட்டாலே தெரியும். பழசு என்று சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ஆனால் பொய் சொல்கிறவர்களை வாய் கிழியத் திட்டியே வயிறு வளர்த்தவன் நான். "மேல் வரிசை டீச்சருக்கு. கீழ் வரிசையும் பலகையும் பழசு. அண்ணனுக்கு," என்றேன்.

டீச்சர் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அந்த ஆளை எட்டி உதைக்கவேண்டும்போல் இருந்தது.

பாலிஷ்காரர் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "இந்தக் குப்பையா? உள்ள இருக்கிறது அலமாரியில தெரியவா போகுது? அவளே எடுத்துக்கட்டும். எனக்கு செதுக்கல் வேலைதான் வேணும்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா சார்?"

"எழுதியே தரேன்."

தந்தார். காகிதம் எழுதுவதில் அவ்வளவு பிரியம்.

பெட்டியைத் தூக்கப் போனவரை நிறுத்தினேன். மேசையில் பெட்டியிலிருந்து வெளிர் மஞ்சள் தூள் கொட்டியிருந்தது. பாலிஷ் அடைத்திருந்த பொடி ஓட்டையில் ஊசியை வைத்தேன், முழுசாக இறங்கிவிட்டது. "சார், முகப்பு பூரா புழு தின்னிருக்கு. மேல் தோல்தான் பாக்கி. இதைச் சரிபண்றது வேஸ்ட். கீழ் வரிசையை வேணா வச்சுக்குங்க, அதுதான் இதுல உருப்படி."

அவர் சிரித்தார். "நல்லாயிருக்கே! பெட்டியையும் அவளுக்கே வாங்கித்தரப் பாக்குறீங்களா? எவ்வளவு நாளா பேசி வச்சீங்க ரெண்டு பேரும்?"

அதற்குமேல் நான் ஏன் வாயைத் திறக்கவேண்டும்?

துருத்தியையும் ரீடு பலகையையும் டீச்சருக்காக எடுத்து வைத்தேன். அவர் வெறும் பெட்டியை முகப்பில் இரண்டு கையாலும் பிடித்து அணைத்தாற்போல் தூக்கினார். வாசல்படி வரை போனார். ஆறு இதழ்ப் பூ அவர் கட்டைவிரலோடு உள்ளே போனது. அடுத்து கொடி, பிறகு முகப்புப் பலகையே பொடிந்தது. சட்டையெல்லாம் தூள்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, ஒளிப்பானேன்? டீச்சர்தான் ஓடினாள். "அண்ணா, கையில சிராய் ஏதும் குத்திடுச்சா?" மண்டியிட்டு இதழ்களைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் போட்டாள். அந்த நேரத்தில் எனக்கு என்மீதே கொஞ்சம் அருவருப்பு வந்தது.

அவர் கையைப் பார்க்கவில்லை. "பசை போட்டு ஒட்டிக்கலாம். முதல்ல சர்டிபிகேட் எழுதுங்க."

எழுதினேன்: 'பெட்டி நூறு வருஷத்துக்கு மேற்பட்டது. பழுதுபார்க்கத் தகுதியற்றது.' இரண்டாவது வரியை அடிக்கச் சொன்னார். முடியாது என்றேன். முதல் வரி வரை கிழித்து எடுத்துக்கொண்டு போனார். அதைச் சட்டம் போட்டு அலமாரியில் மாட்டியிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு மாதத்தில், செதுக்கல் எதுவும் இல்லாத தேக்குப் பெட்டியில் இரண்டு வரிசையையும் பூட்டிக் கொடுத்தேன். டீச்சர் கீழ் வரிசையை மட்டும் திறந்து ஒரு கட்டையை அழுத்தினாள். துருத்தியை அசைத்துக்கொண்டே பெட்டியோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டாள்.

"ஒரு நாள் அண்ணாவைக் கூட்டிட்டு வந்து இதைக் கேக்க வைக்கணும்," என்றாள். "கொள்ளுத்தாத்தா கேட்ட சத்தம்தானே இது."

"கூட்டிட்டு வாங்கம்மா," என்றேன். "பெட்டியில பூ எங்கேன்னு கேப்பாரு."