ஹிந்தோளத்துக்குள் நுழைந்த மோகனம்

குழந்தை பிறந்த பிறகு ஹரிதா பாட வந்தது அன்றுதான். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி அறை. மனோஜ்குமாரின் ராக் குழுவுக்காக ஹிந்தோள ராகத்தில் ஒரு பாட்டு.

ஆரம்பத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. மனோஜ்குமார் கிதாரில் ஸட்ஜத்தில், அதாவது ஸாவில், இரண்டு சுரம் சேர்ந்தொலிக்கும் பவர் கார்டு அடித்தான். அதில் ஸாவோடு பஞ்சமமும் ஒலிக்கும். ஹிந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. ஹரிதா சொன்னதும் பஞ்சமத்தை விட்டு மத்யமத்தைச் சேர்த்துக்கொண்டான். மற்ற சுரங்களில் அடிக்கும் பவர் கார்டுகளில் அந்தத் தொல்லை இல்லை. அதோடு தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஆனால் பல்லவி முடியும் இடத்தில் அவள் குரல் ஸாவில் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு தைவதத்துக்கு இறங்கியது. திரும்பப் பாடினாள், திரும்பவும் அதே இடத்தில் வழுக்கியது. பிரசவத்தோடு குரலும் போய்விட்டதோ என்று பயந்தாள்.

"முடியலீன்னா இன்னொரு நாள் பாத்துக்கலாங்க" என்றான் மனோஜ்குமார். நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

பாஸ் கிதார் வாசிக்கும் கயல்விழி, பதிவு செய்ததைப் போட்டுக் கேட்கலாம் என்றாள். கேட்கக் கேட்க ஹரிதாவுக்குப் பிடிபட்டது. கிதாரில் ஒவ்வொரு சுற்றும் தைவதத்தை அடியாக வைத்த மேஜர் கார்டில் தொடங்கி அங்கேயே வந்து முடிகிறது. பாஸும் அதையே பிடிக்கிறது. டிரம்ஸ் சத்தத்தில் கேட்காது என்று தம்புராவையும் நிறுத்தியிருந்தார்கள். காது தைவதத்தையே ஸா என்று எடுத்துக்கொள்கிறது.

"நான் பாடறது ஹிந்தோளங்க. சுரமெல்லாம் அதேதான், ஆனா உங்க கார்டு அதை மோகன ராகமாக்கிப்போடுது. என் ஸா அதுல காந்தாரமாயிடுது. அதான் முடிச்ச மாதிரியே இருக்கறதில்ல."

பாட்டே அந்தத் தைவதக் கார்டிலிருந்துதான் மனோஜ்குமாருக்குப் பிறந்திருந்தது. ஆனாலும் தம்புராவைப் போடச் சொன்னான். மத்யமமும் ஸாவும் ஒலிக்கும்படி சுருதி சேர்த்த தம்புரா அது. கயல்விழி பாஸில் ஸாவை விடாமல் பிடித்தாள். அதன் மேல் அதே தைவதக் கார்டு வந்தபோது, அது வந்துபோகும் விருந்தாளியாக மட்டும் இருந்தது. ஹரிதா காந்தாரத்தை அசைக்கும் இடங்களில் அந்த அசைவோடு மோதாதபடி மனோஜ்குமார் கார்டை நீட்டாமல் சட்டென்று நிறுத்தினான்.

பல்லவி ஸாவில் வந்து நின்றது. ஹரிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மோகனத்தை முழுசா விட்டுப்போடணுங்களா?" என்று அவன் தயங்கிக் கேட்டான்.

அவள் யோசித்தாள். சரணத்துக்கு முன் ஒரே ஒரு சுற்று பாஸும் தம்புராவும் விலகட்டும், பாட்டு அந்தப் பக்கம் சாயட்டும் என்றாள். ஸாவைத் தான் மறக்காமல் பிடித்துக்கொண்டு திரும்பி வருவதாகவும் சொன்னாள்.

அந்தச் சுற்றில் பாட்டு மோகனத்தின் பக்கம் சாயத்தான் செய்தது. கயல்விழியின் பாஸ் மீண்டும் சேர்ந்தபோது, ஹரிதா ஏற்கெனவே ஸாவில் நின்றுகொண்டிருந்தாள்.