கலங்கரை விளக்கம் வேண்டாம்

பாக்கியரத்தினம் சொன்னால் செய்கிற ஆள். திருகோணமலைத் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெறப் போகும் அந்த மனிதர், பிரியாவிடைக் கூட்டத்துக்கு வரவே மாட்டேன் என்று நின்றார். கெஞ்சிக் கூத்தாடிய பிறகுதான் இறங்கி வந்தார், அதுவும் ஒரு நிபந்தனையோடு.

"போன மாசம் வினோதன்ட பிரியாவிடையில அவனைக் கலங்கரை விளக்கம் எண்டு வாசிச்சீங்கள். கிரேன் ஓட்டினவன் எப்பிடியப்பா கலங்கரை விளக்கமாகிறது? எனக்கு ஒரு பொய் வாசிச்சாலும் எழும்பிப் போயிடுவன், ஓம்."

பேச்சை எழுதி வாசிக்கும் வேலை ஸுல்பிகாவின் தலையில் விழுந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ரேடியோ முன் இருந்து, எந்தக் கப்பலுக்கு எந்தப் படகு போக வேண்டும் என்று சொல்பவள் அவள். அவர் எழும்பிப் போனால் கூட்டம் கெட்டது என்பது ஒரு பக்கம். அவருக்குச் சொல்ல அவளிடம் ஒரு நன்றி கிடந்தது, அதைச் சொல்ல வேறு நாள் இல்லை என்பதுதான் அவளை வாட்டியது.

அவளை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் அலுவலக எழுதுவினைஞன் நிப்றாஸ் கவலையே படவில்லை. பெயரையும் பதவியையும் ஏஐயிடம் கொடுத்தான். தேநீர் ஆறுவதற்குள் பேச்சு வந்துவிட்டது.

"கேளுங்க ராத்தா. 'கடமையின் கலங்கரை விளக்கமே! தோளோடு தோள் நின்று உழைத்த நாட்களை...'"

"தோளோடு தோளா? அவர் கடலில, நான் கோபுரத்தில. ஆளைக் கண்டதை விரல் விட்டு எண்ணலாம். எனக்கு அவர்ட குரலைத்தான் தெரியும்."

"அப்ப நடந்ததைச் சொல்லுங்க, போட்டுக் கேப்பம்."

சொன்னாள். வேலைக்கு வந்த முதல் நாள். ரேடியோவில் பேசி முடித்தால் 'ஓவர்' என்று சொல்லிப் பொத்தானை விட வேண்டும், மற்றவர் பேசுவார். பயத்தில் அவளுக்கு நாக்குப் புரண்டது. "கோதுமைக் கப்பல் நங்கூரம் தூக்கீட்டுது, நீங்க போகலாம், ஓம்" என்று சொல்லிவிட்டாள். துறைமுகமே கேட்டுக்கொண்டிருந்தது. வெட்கத்தில் அவள் சுருண்டபோது பாக்கியரத்தினத்தின் குரல் வந்தது: "விளங்கிச்சு. போறன், ஓம்." அன்றிலிருந்து இருவருக்குள்ளும் 'ஓவர்' இல்லை, 'ஓம்'தான்.

நிப்றாஸ் அதைத் தட்டச்சினான். திரும்பி வந்ததை வாசிக்கும்போதே அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"'ஓம் என்னும் பிரணவ மந்திரத்தை ஒலித்து, கடலன்னையை வணங்கி, அவர்கள் இருவரும் தினமும் பணியைத் தொடங்கினர்.'"

"யா அல்லாஹ்! இதை வாசிச்சா எங்கட வீட்டில என்னைச் சேர்க்க மாட்டாங்க!"

இருவரும் வயிறு நோகச் சிரித்தார்கள். ஆமாம் என்பதற்கு ஈழத்தில் வாய் நிறையச் சொல்கிற சொல்லை எங்கேயோ இருக்கிற இயந்திரம் கோயிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. அதைக் குறை சொல்லி என்ன, அது ரேடியோ கேட்டதில்லை.

அவன் அச்செடுத்த கடுதாசியை அவள் வாங்கினாள். ஒவ்வொரு வசனத்தையும் சத்தமாக வாசித்தாள். இதை அவரிடம் ரேடியோவில் சொல்லுவேனா? இல்லையென்றால் வெட்டு. 'அர்ப்பணிப்பின் சிகரம்' போயிற்று. புயலில் அவர் கப்பலைக் காத்த கதை அழகாகத்தான் இருந்தது, ஆனால் அப்படியொன்று நடக்கவேயில்லை, அதுவும் போயிற்று. தொடக்கத்து வரவேற்பும் கடைசி வாழ்த்தும் மட்டும் தப்பின. நடுவில், நிப்றாஸிடம் வாயால் சொன்னதை அதே பேச்சில் எழுதினாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பாக்கியரத்தினம் கைகட்டி இருந்தார். ஸுல்பிகா கடுதாசியை விரித்தாள்.

"அண்ணன், நீங்க எனக்கு ரெண்டு தரம் ஏசினீங்க. ரெண்டும் என்ட பிழை." முன்வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. முதல் நாள் கதைக்கு வந்தாள். "எல்லாரும் சிரிக்கப் போற நேரம், என்ட மானத்தைக் காப்பாத்தத்தான் நீங்களும் ஓம் எண்டு சொன்னீங்க."

பாக்கியரத்தினம் எழும்பினார்.

எல்லாம் முடிந்தது என்று ஸுல்பிகா நினைத்தாள். எந்த வசனத்தில் தவறினேன் என்றுகூட அவளுக்கு விளங்கவில்லை.

"இது பொய், பிள்ளை. ஆனா நீங்கள் தெரிஞ்சு சொல்லேல்ல." அவர் தொண்டையைச் செருமினார். "அண்டைக்கு நான் உங்களை நக்கலடிச்சனான். படகில எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை. இந்தப் பிள்ளை நாளைக்கு வராது எண்டு நினைச்சன். வந்தீங்கள். வந்து, திரும்பவும் ஓம் எண்டீங்கள். அதுக்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் மனசாரச் சொன்னது."

அவளுக்குக் கண் நிறைந்தது. இத்தனை வருடமாக அவருக்கு நன்றி சொல்லக் காத்திருந்தவள், தனக்கும் அவரிடமிருந்து இப்படியொரு மரியாதை வந்து சேரும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை.

அவர் வாசற்பக்கம் திரும்பவில்லை. கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"மிச்சத்தையும் வாசியுங்கோ. பிழை இருந்தாச் சொல்லுறன்."